கையகப்படுத்தலில் உச்ச விலை: டாட்டா ஸ்டீல்–கோரஸ் கணக்கு

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தை முழுமையாக வாங்க வருபவர் அன்றைய சந்தை விலைக்கே அதை வாங்கிவிட முடியாது. அந்த விலைக்கு விற்க விரும்பியவர்கள் ஏற்கெனவே விற்றுவிட்டார்கள். பங்கை இன்னும் கையில் வைத்திருப்பவர்கள், அதன் மதிப்பு அதைவிட அதிகம் என்று நினைப்பவர்கள். அவர்களை இணங்கவைக்கச் சந்தை விலைக்கு மேல் ஒரு தொகை தரவேண்டியிருக்கிறது. அந்தக் கூடுதல் தொகைக்குப் பிரீமியம் என்று பெயர். சந்தை விலையில் 20 முதல் 40 சதவீதம் வரை பிரீமியம் தருவது வழக்கமான ஒன்று. ஏலப் போட்டி வந்துவிட்டால் அது இன்னும் மேலே போகும்.

பங்கு வைத்திருப்பவர் விற்ற மறுநாளே இந்தப் பணத்தைக் கையில் வாங்கிக்கொள்கிறார். வாங்கிய நிறுவனம் அதைத் திரும்ப எடுக்க ஒரே வழிதான் இருக்கிறது. இரண்டு நிறுவனங்களும் தனித்தனியாக இருந்திருந்தால் கிடைத்திருக்காத ஏதோ ஒரு வருமானம், ஒன்றாகச் சேர்ந்ததால் கிடைக்க வேண்டும். வணிக உலகம் சினெர்ஜி என்று அழைக்கும் இந்தக் கூட்டுப்பலனை இன்றைய பணமாக மதிப்பிட்டால், பிரீமியம் எவ்வளவு உயரலாம் என்பதற்கு ஓர் எல்லை கிடைத்துவிடும். எல்லையைத் தாண்டிக் கொடுக்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் வாங்கும் நிறுவனத்தின் பங்குதாரர்களிடமிருந்து விற்பவர்களின் பைக்குப் போகிறது. 1997இல் வெளியான ‘தி சினெர்ஜி ட்ராப்’ என்ற நூலில் மார்க் சிரோவர் வலியுறுத்தியதும் இதைத்தான்: கூட்டுப்பலனின் மதிப்பிலிருந்து பிரீமியத்தைக் கழித்தால் மிஞ்சுவதே வாங்கியவரின் லாபம்.

கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தும் பெரிய நிறுவனங்கள் அதில் தடுமாறுகின்றன. எங்கே தடுமாறுகின்றன என்பதைக் காண டாட்டா ஸ்டீல் 2007இல் கோரஸ் நிறுவனத்தை வாங்கியதைவிட நல்ல எடுத்துக்காட்டு இந்தியாவில் இல்லை.

கோரஸ் என்பது பிரிட்டிஷ் ஸ்டீல் நிறுவனமும் நெதர்லாந்தின் ஹூகோவன்ஸ் நிறுவனமும் 1999இல் இணைந்து உருவானது. ஆண்டுக்குச் சுமார் 1.8 கோடி டன் உருக்கு உற்பத்தி செய்தது. அப்போதைய டாட்டா ஸ்டீலின் உற்பத்தி அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2006 அக்டோபரில் டாட்டா ஸ்டீல் ஒரு பங்குக்கு 455 பென்ஸ் தருவதாகச் சொன்னது; கோரஸ் இயக்குநர் குழுவும் அதை ஏற்றுப் பரிந்துரைத்தது. நவம்பரில் பிரேசிலின் சி.எஸ்.என். நிறுவனம் 475 பென்ஸுடன் குறுக்கே வந்தது. டிசம்பரில் டாட்டா 500 என்றது, சி.எஸ்.என். 515 என்றது. இழுபறி நீண்டதால் பிரிட்டனின் கையகப்படுத்தல் குழு ஓர் ஏலத்தை நடத்தித் தீர்வு காண முடிவெடுத்தது. 2007 ஜனவரி 30 மாலை தொடங்கிப் பல சுற்றுகளாக நள்ளிரவைத் தாண்டி நடந்த அந்த ஏலத்தில் சி.எஸ்.என். 603 பென்ஸில் நின்றது. டாட்டா ஸ்டீல் 608 பென்ஸுக்கு வென்றது. பங்குகளுக்கு மட்டும் சுமார் 620 கோடி பவுண்டு. பங்குக்குப் பங்கு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடாக இருந்திருந்தால், கணக்கு தவறும்போது இழப்பின் ஒரு பகுதி கோரஸ் பங்குதாரர்களையும் சேர்ந்திருக்கும். ஆனால் இது முழுக்க ரொக்கம். அதில் பெரும்பகுதி கடன். எனவே தவறின் முழுச் சுமையும் வாங்கியவர் மேல்தான்.

மதிப்பீட்டின் முதல் வேலை, கூட்டுப்பலனைத் தொடாமல், வாங்கப்படும் நிறுவனம் தன்போக்கில் விடப்பட்டால் எவ்வளவு பெறும் என்று பார்ப்பது. இதைத் தனி மதிப்பு எனலாம். பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால் சந்தை விலையே நல்ல தொடக்கம். ஆனால் எந்த நாளின் விலை என்பதில்தான் சிக்கல். யாரோ வாங்க வருகிறார்கள் என்ற வதந்தி பரவியதுமே பங்கு ஏறத் தொடங்கிவிடும். அந்த ஏற்றத்துக்குப் பிந்தைய விலையை அடிப்படையாக எடுத்தால், பிரீமியத்தின் ஒரு பகுதியைத் தனி மதிப்பு என்று தவறாக எண்ணிக்கொள்ள நேரும். கோரஸ் விவகாரத்தில் அறிவிப்புக்கு முந்தைய 2006 அக்டோபர் 4ஆம் தேதி பங்கின் முடிவு விலை 407.5 பென்ஸ். அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதச் சராசரியோ சுமார் 360 பென்ஸ்தான். முதல் எண்ணை எடுத்தால் இறுதி விலையின் பிரீமியம் 49 சதவீதம். இரண்டாவதை எடுத்தால் 68 சதவீதத்துக்கும் மேல். உருக்கு விலை உலகெங்கும் ஏறிக்கொண்டிருந்த காலம் அது என்பதால், பழைய சராசரியைவிட அண்மைய விலையே நியாயமான அடிப்படை என்று வாதிடலாம். டாட்டாவுக்குச் சாதகமான 407.5 என்ற எண்ணையே இந்தக் கட்டுரையும் எடுத்துக்கொள்கிறது.

அடுத்து, கூட்டுப்பலன் என்று எதையெல்லாம் எண்ணலாம் என்ற கேள்வி. மூலப்பொருளைச் சேர்ந்து மொத்தமாக வாங்கி விலை குறைப்பது, இரட்டை அலுவலகங்களை ஒன்றாக்குவது, ஓர் ஆலையில் கைவந்த தொழில்நுட்பத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோவது ஆகியவை செலவு சார்ந்தவை. இவற்றுக்குப் பெயர் சொல்ல முடியும். எந்த ஆலையில், எந்த ஒப்பந்தத்தில், எத்தனை ரூபாய், யார் பொறுப்பு என்று எழுதிவைக்க முடியும். விற்பனை சார்ந்தவை வேறு வகை. இவருடைய வாடிக்கையாளருக்கு அவருடைய பொருளை விற்கலாம் என்பது வாங்குபவரின் விருப்பம். அதற்கு வாடிக்கையாளரும் சம்மதிக்க வேண்டும், போட்டியாளரும் சும்மா இருக்க வேண்டும். அது நடந்தாலும் கூடுதல் விற்பனை முழுவதும் பலன் ஆகாது. உற்பத்திச் செலவும் முதலீடும் போக மிஞ்சும் லாபம் மட்டுமே கணக்கில் சேரும். விற்பனைத் தொகையையே கூட்டுப்பலன் என்று அறிக்கையில் போட்டுக்கொள்வது அடிக்கடி காணப்படும் பிழை.

எண்ணக்கூடாதவையும் உண்டு. வாங்கப்படும் நிறுவனம் தானே அறிவித்துச் செயல்படுத்திக்கொண்டிருக்கும் செலவுக் குறைப்பு அதன் பங்கு விலையில் முன்பே ஏறியிருக்கும். கோரஸ் பல ஆண்டுகளாகவே இத்தகைய மீட்புத் திட்டம் ஒன்றை நடத்திவந்தது. அதன் பலனைப் புதிய உரிமையாளர் தன் கணக்கிலும் சேர்த்தால் ஒரே பணத்துக்கு இருமுறை விலை கொடுத்ததாகிவிடும். அதேபோல், வாங்கும் நிறுவனத்துக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கிறது என்பதும் கூட்டுப்பலன் அல்ல. ஐரோப்பிய உருக்குத் தொழிலின் ஏற்ற இறக்கம் உரிமையாளர் மாறியதால் குறைந்துவிடுவதில்லை. அந்த ஆபத்துக்குரிய வருவாய் விகிதத்தில்தான் அதை மதிப்பிட வேண்டும்.

இந்த இணைப்பிலிருந்து மூன்றாம் ஆண்டு வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 45 கோடி டாலர் கூட்டுப்பலனை டாட்டா ஸ்டீல் எதிர்பார்த்தது. அன்றைய மாற்று விகிதத்தில் அது ஏறத்தாழ 23 கோடி பவுண்டு. இது வரிக்கு முந்தைய தொகை. அப்போது பிரிட்டனின் நிறுவன வரி 30 சதவீதம் என்பதால் பங்குதாரர்களுக்கு மிஞ்சுவது ஆண்டுக்குச் சுமார் 16 கோடி பவுண்டு. எதிர்காலத்தில் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஒரு தள்ளுபடி விகிதம் தேவை. உருக்குத் தொழிலுக்கு 10 சதவீதம் கடுமையான விகிதம் அல்ல. முதலாண்டு பலனில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டாம் ஆண்டு மூன்றில் இரண்டு, மூன்றாம் ஆண்டு முதல் முழுப் பலன், அது குறையாமல் என்றென்றும் தொடரும் என்று வைத்துக்கொண்டால், முதல் இரண்டு ஆண்டுகளின் இன்றைய மதிப்பு சுமார் 14 கோடி பவுண்டு. அதற்குப் பிந்தைய எல்லா ஆண்டுகளின் மதிப்பு சுமார் 132 கோடி. மொத்தம் 146 கோடி பவுண்டு. கூட்டுப்பலன் இலவசமாகவும் வராது. ஆட்குறைப்பு இழப்பீடு, கணினி அமைப்புகளை இணைப்பது, ஆலைகளை மாற்றியமைப்பது என்று தொடக்கத்திலேயே பணம் போகும். அதற்கு 10 கோடி பவுண்டு என்று ஓர் உத்தேசத் தொகையைக் கழித்தால் மிஞ்சுவது 136 கோடி பவுண்டு.

மொத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு, மூன்றாம் ஆண்டு முதல் ‘என்றென்றும்’ வரப்போகும் பணத்திலிருந்துதான் கிடைக்கிறது. மூலப்பொருள் விலையில் பெற்ற சலுகையைப் போட்டியாளர்களும் சில ஆண்டுகளில் பெற்றுவிடுவார்கள். அப்போது அந்தச் சேமிப்பு விலைக்குறைப்பாக வாடிக்கையாளரிடம் போய்ச் சேரும். எனவே 136 கோடி என்பது தாராளமான மதிப்பீடு.

கோரஸின் பங்குகள் ஏறத்தாழ 102 கோடி. 136 கோடி பவுண்டை அவற்றின் மேல் பகிர்ந்தால் ஒரு பங்குக்கு சுமார் 133 பென்ஸ். தனி மதிப்பான 407.5உடன் இதைக் கூட்டினால் 540 பென்ஸ். இந்த அனுமானங்களின்படி டாட்டா ஸ்டீல் தரக்கூடிய உச்ச விலை இதுதான். 540 என்பது நல்ல விலை என்று பொருள்கொள்ளக் கூடாது. அந்த விலையில் இணைப்பின் பலன் முழுவதும் கோரஸின் பழைய பங்குதாரர்களுக்குப் போய்விடும். கடன் சுமை, மேலாண்மை உழைப்பு, தோல்வி அபாயம் ஆகியவற்றை மட்டும் டாட்டா ஏற்றுக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு கட்டத்து விலையையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் கதை தெளிவாகிறது. முதலில் சொன்ன 455 பென்ஸில் மொத்தப் பிரீமியம் சுமார் 48 கோடி பவுண்டு. பலனில் மூன்றில் இரண்டு பங்கு டாட்டாவிடமே தங்கியிருக்கும், சிறப்பான விலை. சி.எஸ்.என். டிசம்பரில் சொன்ன 515இல் பிரீமியம் 110 கோடியை எட்டுகிறது. வாங்குபவருக்கு மிஞ்சுவது 26 கோடி. பிழைக்கு அதிக இடமில்லை. 608இல் பிரீமியம் சுமார் 204 கோடி பவுண்டு. எதிர்பார்த்த கூட்டுப்பலன் ஒரு பவுண்டு குறையாமல், ஒரு நாள் தாமதமாகாமல் வந்திருந்தாலும் 68 கோடி பவுண்டு பற்றாக்குறை.

இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்ப்பது இன்னும் பயனுள்ளது. 608 பென்ஸ் கொடுத்துவிட்டு நட்டமில்லாமல் தப்பிக்க ஆண்டுக்கு எவ்வளவு கூட்டுப்பலன் வேண்டும்? ஏறத்தாழ 66 கோடி டாலர். எதிர்பார்த்ததோ 45 கோடி. ஏலம் நடக்கும் அறையில் விலை ஐந்து ஐந்து பென்ஸாக ஏறும்போது அது சிறிய தொகையாகத் தோன்றும். ‘இன்னும் 5 பென்ஸ் தந்தால், ஆண்டுதோறும் கூடுதலாக ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் சேமிக்க வேண்டும், எந்த ஆலையிலிருந்து?’ என்று கேட்கும்போதுதான் அதன் கனம் தெரியும். இயக்குநர் குழு கேட்டே தீரவேண்டிய கேள்வி இது.

பலன் குறைந்தாலும் தாமதமானாலும் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். எதிர்பார்த்ததில் முக்கால் பங்கே கிடைத்தால் கோரஸின் உச்ச விலை 540இலிருந்து 505க்கு இறங்குகிறது. பலன் முழுவதும் கிடைத்து ஆனால் ஓராண்டு தள்ளிப்போனால் 13 பென்ஸ் குறைகிறது. தாமதத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் தொழிற்சங்கங்கள் வலுவாக இருக்கும், நெதர்லாந்தில் ஒன்றும் பிரிட்டனில் இன்னொன்றுமாகச் சட்டங்கள் மாறுபடும் ஒரு நிறுவனத்தில், ஓராண்டுத் தாமதம் இயல்பான ஒன்று. எச்சரிக்கையுள்ள ஒருவர் சாதகமான, நடுத்தரமான, மோசமான மூன்று நிலைகளுக்கும் கணக்குப் போட்டு, நடுத்தர நிலையின் பலனில் ஒரு பகுதியை மட்டுமே பிரீமியமாகத் தரச் சம்மதிப்பார்.

இப்படிக் கணக்குப் போட்ட எண் ஏலத்தில் ஏன் நிற்பதில்லை? விலையைத் தீர்மானிப்பது வெல்பவரின் கணக்கு மட்டுமல்ல; தோற்பவர் எதுவரை போகிறார் என்பதும்தான். சி.எஸ்.என்.னுக்குச் சொந்தமாக ‘காசா டி பெத்ரா’ என்ற பெரிய இரும்புத்தாதுச் சுரங்கம் இருந்தது. சொந்தச் சுரங்கம் இல்லாத கோரஸுக்குத் தாது அனுப்ப முடியும் என்பதால், கோரஸ் அதற்கு உண்மையிலேயே கூடுதல் மதிப்புடையதாக இருந்திருக்கலாம். போட்டியாளருக்கு அதிகக் கூட்டுப்பலன் கிடைக்கும் சொத்தை அவரைவிட அதிகம் கொடுத்து வாங்குபவர், தன்னிடம் இல்லாத பலனுக்கும் சேர்த்து விலை கொடுக்கிறார். ‘அவர் 603 தரத் தயாராக இருந்தால் நமக்கும் அது தகும்’ என்ற வாதம் இங்கேதான் இடறுகிறது. அவருடைய சுரங்கம் நம்மிடம் இல்லை. இருவரின் கணக்கும் ஒன்றேயானாலும், பலர் மதிப்பிடும் ஒரு பொருளை எல்லோரையும்விட அதிகமாக மதிப்பிட்டவரே ஏலத்தில் வெல்கிறார் என்பதால், வென்ற மதிப்பீடே மிகையான மதிப்பீடாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

உச்ச விலையைத் தாண்டும்போது வேறு நியாயங்களும் சொல்லப்படுவதுண்டு. இத்தனை டன் திறனுள்ள ஆலைகளைப் புதிதாகக் கட்டினால் இதைவிட அதிகம் செலவாகும் என்பது கோரஸுக்காக முன்வைக்கப்பட்டவற்றில் முக்கியமானது. அந்த ஒப்பீடு பொருந்த வேண்டுமானால், வாங்குபவர் அதே ஐரோப்பாவில், அதே கூலியிலும் மின்கட்டணத்திலும், உண்மையாகவே புதிய ஆலை கட்டும் எண்ணத்தில் இருந்திருக்க வேண்டும். யாரும் கட்ட விரும்பாத இடத்தில் நிற்கும் ஆலைக்குக் கட்டுமானச் செலவு மதிப்பாகாது. அது ஈட்டும் பணமே மதிப்பு. இந்தியாவில் மலிவாகச் செய்த பாதி முடிந்த உருக்கை ஐரோப்பாவுக்கு அனுப்பி அங்கே முழுமையாக்கலாம் என்ற எண்ணமும் பேசப்பட்டது. அதற்கு இந்தியாவில் உபரி உற்பத்தி இருக்க வேண்டும். ஒடிசாவின் கலிங்கநகர் ஆலை வணிக உற்பத்தியைத் தொடங்கியதே 2016இல்தான்; உள்நாட்டுத் தேவையோ அதற்குள் நன்றாக வளர்ந்திருந்தது.

608ஐ நியாயப்படுத்த இன்னொரு வழி, 407.5 என்ற அடிப்படையையே மறுப்பது. கோரஸின் தனி மதிப்பு 475 பென்ஸ் என்றால், அதற்கு மேல் 133 சேர்த்து 608 சரியாக வந்துவிடும். அப்படியானால் சந்தை அதை 14 சதவீதம் குறைத்து மதிப்பிட்டிருந்தது என்று நம்ப வேண்டும். உருக்கு விலை ஏறிக்கொண்டிருந்த 2007இல் இது சாத்தியமாகவே தெரிந்தது. 2008இன் நடுப்பகுதி வரை விலை ஏறவும் செய்தது. ஆனால் இது கூட்டுப்பலன் பற்றிய நம்பிக்கை அல்ல. உருக்கு விலை பற்றிய பந்தயம். இணைப்பு எவ்வளவு திறமையாக நடந்தாலும் அந்தப் பந்தயத்தின் முடிவை மாற்ற முடியாது. இரண்டையும் தனித்தனி வரிகளில் எழுதிவைத்திருந்தால், எதற்காக எவ்வளவு பணம் வைக்கப்படுகிறது என்பது இயக்குநர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஏல முடிவு வெளியான ஜனவரி 31 அன்று மும்பையில் டாட்டா ஸ்டீலின் பங்கு சுமார் 11 சதவீதம் விழுந்தது. வாங்குபவரின் பங்கு அறிவிப்பன்று விழுவது, பிரீமியம் கூட்டுப்பலனை மிஞ்சிவிட்டது என்று சந்தை கருதுவதற்கான முதல் அறிகுறி. ஒருநாள் விலை தவறாகவும் இருக்கலாம். ஆனாலும் அதைப் புறக்கணிக்கும் நிர்வாகம், சந்தை காணாத எதைத் தான் காண்கிறது என்பதை எண்களில் சொல்லக் கடமைப்பட்டது.

பின்னர் நடந்தவற்றில் பெரும்பகுதி கூட்டுப்பலன் கணக்கால் நேர்ந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2008இன் நிதி நெருக்கடியில் ஐரோப்பாவின் உருக்குத் தேவை சரிந்தது, பழைய நிலைக்கு மீளவில்லை. இங்கிலாந்தின் டீசைடு ஆலை 2010இல் உற்பத்தியை நிறுத்தியது. அடுத்த ஆண்டு தாய்லாந்து நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. 2013இல் டாட்டா ஸ்டீல் சுமார் 160 கோடி டாலரைக் கணக்குப் புத்தகத்தில் மதிப்பிழப்பாக எழுதியது. கையகப்படுத்தலில் சொத்துகளின் மதிப்பைத் தாண்டிக் கொடுத்த பணம் ‘நற்பெயர்’ என்ற தலைப்பில் ஏட்டில் நிற்கும். எதிர்பார்த்த வருமானம் வராது என்று உறுதியாகும்போது அதைக் குறைத்தாக வேண்டும். 2016இல் ஸ்கன்தார்ப் ஆலையை உள்ளடக்கிய பிரிவு ஒரு பவுண்டு என்ற பெயரளவு விலைக்குக் கைமாறியது. வேல்ஸின் போர்ட் டால்பட்டில் கடைசி ஊதுலை 2024 செப்டம்பரில் அணைக்கப்பட்டது.

அந்த நெருக்கடியை 2007 ஜனவரியில் யாரும் கணித்திருக்க முடியாது. ஆனால் 455இல் வாங்கியிருந்தால் அதைத் தாங்க 88 கோடி பவுண்டு இடைவெளி கையில் இருந்திருக்கும். 608இல் அந்த இடைவெளி முதல் நாளிலேயே இல்லை. அதற்கும் மேல் கொடுத்த பணம் கடனாக நின்றது. 540ஐத் தாண்டியதும் எழுந்து வந்திருந்தால், சி.எஸ்.என்.னின் சலுகையால் ஏறியிருந்த விலையில் கோரஸ் அவர்களிடம் போயிருக்கும். டாட்டா ஸ்டீலுக்கு இழப்பாக அமைந்திருப்பது ஆலோசகர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் கொடுத்த கட்டணம் மட்டுமே.